மாதம் 2% தரும் 'வீல்': பங்கு விழும்போது என்ன நடக்கிறது?

கேள்வி: "ஒரே ஒரு தனியார் வங்கிப் பங்கில் 8 மாதமாக வீல் முறை செய்கிறேன். முழுப் பணத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு மாதாமாதம் புட் விற்கிறேன், அதாவது பங்கு விழுந்தாலும் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் கொடுத்துப் பணம் பெறுகிறேன். ஷேர் என் தலையில் விழுந்தால் அதன் மீது கால் விற்பேன், அதாவது பங்கு ஏறினாலும் குறித்த விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்ற ஒப்பந்தம். மாதம் சுமார் 2% வருகிறது, இதுவரை நஷ்டமே இல்லை. அப்பாவின் ஓய்வூதியப் பணத்தையும் இதில் போடலாமா சார்? மார்க்கெட் இறங்கினாலும் ஷேர்தானே கையில் இருக்கும், காத்திருந்தால் போதாதா?"

பதில்: அப்பாவின் பணத்தை இதில் போட வேண்டாம். காத்திருப்பது பற்றி நீங்கள் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. பங்கு பலமாக விழுந்த பிறகு காத்திருக்க முடிவெடுத்தால், அநேகமாக வருமானம் நின்றுவிடும். வருமானம் தொடர வேண்டுமென்று கால் விற்றால், அது காத்திருப்பு ஆகாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடந்த ஒரு சம்பவத்தை வைத்தே பார்க்கலாம். 2025 பிப்ரவரி கடைசியில் இண்டஸ்இண்ட் வங்கிப் பங்கு 990 ரூபாயை ஒட்டி இருந்தது. மார்ச் 10 அன்று, டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதாகவும் நிகர மதிப்பில் சுமார் 2.35% பாதிப்பு வரலாம் என்றும் வங்கி அறிவித்தது. முந்தைய நாள் 900 ரூபாயில் முடிந்த பங்கு, மார்ச் 11 அன்று 656 ரூபாயில் முடிந்தது. ஒரே நாளில் 27% வீழ்ச்சி. ஆப்ஷன் வர்த்தகம் நடக்கும் எஃப் அண்ட் ஓ பட்டியலில் உள்ள பங்குகளுக்கு, ஒரு நாளில் இவ்வளவுதான் விழலாம் என்ற நிலையான சர்க்யூட் வரம்பு கிடையாது என்பதால் வீழ்ச்சி அந்த அளவுக்குப் போனது.

இப்போது ஒருவர் பிப்ரவரி கடைசியில் மார்ச் மாத 940 புட்டை விற்றிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் குறித்த விலையான ஸ்ட்ரைக் சந்தை விலையைவிட 50 ரூபாய் கீழே, பார்க்கப் பத்திரமானதுதான். அதை விற்றதற்குக் கிடைத்த பிரீமியம் 20 ரூபாய் என்று கொள்வோம்; கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகை இது. மாதம் 2%-க்குச் சற்று மேல், உங்கள் கணக்கைப் போலவே. 2019 அக்டோபரிலிருந்து நம் சந்தையில் எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் டெலிவரியில்தான் முடிகின்றன. ஆகவே ஒப்பந்தம் முடியும் நாளான மார்ச் எக்ஸ்பைரியில் அவர் பங்கை 940 ரூபாய்க்கு வாங்கியே ஆக வேண்டும். பிரீமியத்தைக் கழித்தால் அடக்க விலை 920. அன்று சந்தையில் விலை 700-க்கும் கீழே. ஒரு பங்குக்குக் குறைந்தது 220 ரூபாய் காகித நஷ்டம், அதாவது 11 மாதப் பிரீமியம். 8 மாதம் சேர்த்தது முழுவதும் போய், மேலும் 3 மாத வருமானம் கைவிட்டுப் போகும்.

இங்கே வீலின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. நஷ்டம் இல்லாமல் வெளியே வர 920-க்கு மேல் உள்ள ஸ்ட்ரைக்கில் கால் விற்க வேண்டும். பங்கு 650, 680 என்று இருக்கும்போது ஒரு மாதத்துக்கான 940 காலுக்கு யார் பணம் தருவார்? தந்தாலும் சில்லறைதான். வருமானமே பழகிப்போனவருக்கு இந்த மாதத்தைச் சும்மா விட மனம் வராது. 720 காலைப் பார்ப்பார். பயத்தில் ஏற்ற இறக்கம் கூடியிருப்பதால் அதில் 18 ரூபாய் பிரீமியம் கிடைக்கிறது என்று வைப்போம். பங்கு விலையில் அது 2.5%-க்கும் மேல், முன்பைவிட நல்ல வருமானம்போலத் தெரியும். விற்றுவிடுவார்.

ஏப்ரல் எக்ஸ்பைரி நெருங்கும்போது அந்தப் பங்கு 800-ஐ ஒட்டித் திரும்பி வந்திருந்தது. ஆனால் அவர் 720-க்குக் கொடுத்தாக வேண்டும். 720-உடன் 18 சேர்த்து 738. அடக்க விலை 920. ஒரு பங்குக்கு 182 ரூபாய் நஷ்டம், அதுவும் காகித நஷ்டமாக இல்லாமல் நிஜ நஷ்டமாக. ஆப்ஷன் பக்கமே போகாமல் 990-க்கு நேராகப் பங்கை வாங்கியவருக்கும் அன்று நஷ்டம் சுமார் 190 ரூபாய்தான். 50 ரூபாய் கீழே ஸ்ட்ரைக், இரண்டு முறை பிரீமியம், இத்தனைக்கும் பிறகு வித்தியாசம் 8 ரூபாய். நேராக வாங்கியவர் கையில் பங்கு இன்னும் இருக்கிறது, அது ஏறினால் அவருக்கு லாபம். வீல்காரர் வெளியேறிவிட்டார்.

இதற்குக் காரணம் துரதிர்ஷ்டம் அல்ல, முறையின் அமைப்பு. பங்கைக் கையில் வைத்துக்கொண்டு 720 கால் விற்பதும், பணத்தை வைத்துக்கொண்டு 720 புட் விற்பதும் லாப நஷ்டக் கணக்கில் ஒன்றேதான். இரண்டிலும் மேலே போனால் பிரீமியத்தோடு சரி. கீழே போனால் முழு அடியும் உங்களுக்கு. ஆகவே புட்டிலிருந்து காலுக்கு மாறும்போது நீங்கள் வேறு பக்கம் போவதில்லை. அதே பந்தயத்தை, விழுந்த விலையில், மறுபடி கட்டுகிறீர்கள். விழுந்து வேகமாக எழும் சந்தைதான் இந்த முறைக்கு மிக மோசமானது. தனிப் பங்குக்கு மட்டுமல்ல, குறியீட்டுக்கும் இதே கதைதான். 2020-ல் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 டிவிடெண்டுடன் 18% லாபம் தந்தது. அதே குறியீட்டில் மாதாமாதம் கால் விற்கும் பிஎக்ஸ்எம் குறியீடு அந்த ஆண்டைச் சிறு நஷ்டத்தில் முடித்தது. மார்ச் வீழ்ச்சியை வாங்கிக்கொண்டு, மீட்சியைக் கோட்டைவிட்டதன் விளைவு.

வரியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆப்ஷன் பிரீமியம் வணிக வருமானமாகக் கணக்கில் வரும். டெலிவரியில் வந்த பங்கை முதலீடாகக் காட்டி நஷ்டத்துக்கு விற்றால் அது மூலதன நஷ்டம். மூலதன லாபத்தோடு மட்டுமே ஈடுகட்டலாம். பங்கில் பெரிய நஷ்டம் இருக்கும்போதே பிரீமியத்துக்கு வரி கட்டும் நிலை வரலாம். பங்கை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை டெலிவரி வருவதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் சொந்தப் பணத்தில் தொடர்வதானால் முதலில் ஒரு கணக்கு போடுங்கள். முதல் புட் விற்ற நாளில் பங்கையே வாங்கியிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று, டிவிடெண்டையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மாதம் 2% என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இந்த முறை எப்போதும் நன்றாகவே தெரியும். காலாண்டு முடிவு வரும் வாரத்தைத் தாண்டிப் போகும் புட்டை விற்காதீர்கள். அப்போது பிரீமியம் அதிகமாக இருப்பது சும்மா இல்லை. முழுப் பணம் இருக்கிறது என்று சொல்கிறீர்கள், நல்லது. அது லிக்விட் ஃபண்டாக அடகில் இருந்தால் மார்ஜினுக்கு உதவும், ஆனால் டெலிவரிக்குப் பணமாகவே வேண்டும். எக்ஸ்பைரி வாரத்துக்கு முன்பே அதை விடுவித்துப் பணமாக்கி வையுங்கள்.

பங்கு தலையில் விழுந்தால் என்ன செய்வது என்பதை புட் விற்கும் அன்றே எழுதி வையுங்கள். அடக்க விலைக்குக் கீழே கால் விற்பதில்லை என்பது ஒரு முடிவு. அதை எடுத்தால் பல மாதம் ஒரு ரூபாய்கூட வராமல் இருக்கத் தயாராக வேண்டும். வங்கியின் அடிப்படையே கெட்டுவிட்டது என்று தெரிந்தால் பங்கை விற்று வெளியேறுவது இன்னொரு முடிவு. இரண்டில் எதையும் எடுக்கலாம். மாதாமாதம் செலவுக்குப் பணம் வேண்டிய ஒருவருக்கு முதலாவது சாத்தியமே இல்லை, அதனால்தான் அப்பாவின் பணம் வேண்டாம் என்கிறேன். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும். அவருடைய பணத்துக்கு அதுவே இடம்.