வேலைப்பளு பற்றி எச்.ஆருக்குக் கடிதம்: முதலில் நிமிடக் கணக்கு

கேள்வி: கப்பலூர் பக்கம் வாகன உதிரிபாகம் மொத்த விற்பனை செய்யும் கம்பெனியில் பில்லிங் பார்க்கிறேன் சார். மூணு பேர் பார்த்த வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடியே ரெண்டு பேர் நின்னுட்டாங்க, பதிலுக்கு ஒரு டிரெய்னி மட்டும்தான். முன்னே எனக்கு ஒரு நாளைக்கு 50 பில், இப்போ 110. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி எட்டரை ஆகுது. மேனேஜர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்கிறார். எச்.ஆருக்குக் கடிதம் எழுதணும், ஆனால் எழுத உட்கார்ந்தாலே கோபமாக வருது, வேலை போயிடுமோன்னும் பயம். எப்படி எழுதுவது? (வாசகி, திருமங்கலம்)

பதில்: கோபம் வருவது நியாயம்தான், ஆனால் அது கடிதத்துக்குள் போனால் எச்.ஆர். உங்கள் வேலைப்பளுவை விட்டுவிட்டு உங்கள் நடத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "சித்திரவதை", "அடிமை மாதிரி" என்ற வார்த்தைகள் எத்தனையோ நல்ல புகார்களைக் கெடுத்திருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக நிமிடக் கணக்கு எழுதுங்கள்.

ஒரு பில் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முன்பு 50 பில், அதாவது 250 நிமிடம், நாலு மணி பத்து நிமிடத்தில் முடிந்தது, மீதி நேரத்தில் ரிட்டர்ன் சரக்கு என்ட்ரியும் கடைக்காரர்களின் போனும் பார்த்தீர்கள். இப்போது 110 பில், 550 நிமிடம், பில்லிங்குக்கு மட்டுமே ஒன்பது மணி பத்து நிமிடம். எட்டு மணி நேர வேலையில் ஒன்பது மணி பத்து நிமிடத்தை எந்த மேனேஜராலும் அட்ஜஸ்ட் பண்ண முடியாது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு "அவங்களுக்கு ஸ்பீடு பத்தலை" என்று சொல்வது கஷ்டம். அப்படியும் சொன்னால், அதே ஐந்து நிமிடத்தில்தான் முன்பும் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பதை உங்கள் பழைய பில் எண்ணிக்கையே சொல்லும்.

எண்ணிக்கையை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பில் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வைக்காதீர்கள், வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். கம்பெனித் தகவலை வெளியே கொண்டுபோனாய் என்று உங்கள் மீதே நோட்டீஸ் வரும். தேதி, பில் எண்ணிக்கை, வந்த நேரம், போன நேரம், மிச்சம் நின்ற வேலை, இவ்வளவை மட்டும் சொந்த நோட்டில் எழுதுங்கள். பயோமெட்ரிக் பதிவும் பில் நம்பரும் கம்பெனியிடமே இருக்கின்றன, சரிபார்க்க வேண்டியது அவர்கள்.

அப்புறம் கடிதம். இந்த அளவு போதும்:

"பில்லிங் பிரிவில் பணிபுரிகிறேன். ஏப்ரல் வரை மூன்று பேர் செய்த பணியை இப்போது நானும் ஒரு பயிற்சியாளரும் செய்கிறோம். முன்பு நாளொன்றுக்கு நான் போட்டது சுமார் 50 பில், இப்போது சுமார் 110. ஒரு பில்லுக்கு ஐந்து நிமிடம் வீதம் பில்லிங்குக்கு மட்டும் ஒன்பது மணி பத்து நிமிடம் தேவைப்படுகிறது. இதனால் தினமும் இரவு 8.30 வரை இருந்தும் ரிட்டர்ன் என்ட்ரி தேங்குகிறது. கடந்த இரு வார விவரம் இணைப்பில் உள்ளது. மேலாளரிடம் நேரில் தெரிவித்துள்ளேன். காலிப் பணியிடத்தை நிரப்பவோ, வேலையைப் பிரித்துத் தரவோ வேண்டுகிறேன். அதுவரை எட்டு மணி நேரத்துக்குள் எந்த வேலையை முதலில் முடிப்பது என்று எழுத்தில் தெரிவிக்கவும். பத்து வேலை நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இதில் முக்கியமான வரி 'எந்த வேலையை முதலில்' என்பது. "இனி இத்தனைக்கு மேல் செய்ய மாட்டேன்" என்று எழுதினால் கீழ்ப்படியாமை என்று திருப்பிவிடுவார்கள். எதை முதலில் செய்வது என்று கேட்டால், தேங்கும் வேலைக்கான பொறுப்பு முடிவெடுக்க வேண்டியவரிடம் போய்விடும்.

"இல்லையென்றால் ராஜினாமா செய்கிறேன்" என்ற வரி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மிரட்டலாக எழுதியதை மறுநாளே ராஜினாமாவாக ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும் கம்பெனிகள் உண்டு.

கம்பெனி மெயிலில் எச்.ஆருக்கு அனுப்பி மேனேஜருக்கும் நகல் போடுங்கள். மெயில் இல்லையென்றால் தாளில் எழுதி, இரண்டாவது பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் புகார் கொடுத்ததாக நினைக்காதீர்கள்.

சட்டத்தைக் கடிதத்தில் இழுக்க வேண்டாம், ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். சாப்பாட்டு நேரம் ஒரு மணி போனால் நீங்கள் தினம் 10 மணி நேரம் வேலை செய்கிறீர்கள், ஆறு நாளுக்கு 60. நாள் கணக்கில் விளிம்பில் நிற்கிறது, வாரக் கணக்கில் மீறிவிட்டது. ஓவர்டைம் சம்பளத்தைத் தனிக் கடிதமாகக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்தால் அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிட்டு ஆள் போடும் விஷயத்தை மறந்துவிடுவார்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கை வைத்து நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அது உண்மை. உடனே சம்பளத்தைக் கூட்டாமல் "அசிஸ்டென்ட் மேனேஜர் பில்லிங்" என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து, இனி உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது என்பார்கள். பட்டம் முக்கியமில்லை, நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம், நீதிமன்றங்கள் இதைப் பல முறை சொல்லிவிட்டன. யாருக்காவது லீவு கொடுக்க உங்களால் முடியுமா? ஆள் எடுக்க, நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டா? இல்லை, பில்தான் போடுகிறீர்கள் என்றால் விசிட்டிங் கார்டில் என்ன அடித்தாலும் நீங்கள் மேனேஜர் இல்லை. டிரெய்னிக்கு வேலை சொல்லிக்கொடுப்பதாலும் மேனேஜர் ஆகிவிட மாட்டீர்கள். அப்படி ஒரு புது லெட்டர் நீட்டினால் படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளிலும் கோர்ட் பக்கமும், "லேபர் ஆபீஸில் எனக்கு ஆள் தெரியும், நோட்டீஸ் விட்டால் கம்பெனி காலில் விழும்" என்று காசு கேட்பார்கள். முதல் கடிதமே வக்கீல் நோட்டீஸாகப் போனால் கம்பெனியும் வக்கீலிடம் போகும், நாளைக்கு முடிய வேண்டியது வருடக் கணக்கில் இழுக்கும். தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வக்கீலும் வேண்டாம், இடைத்தரகரும் வேண்டாம். வெள்ளைத் தாளில் நீங்களே எழுதலாம், தமிழிலேயே.

பத்து வேலை நாளில் பதில் வரவில்லையென்றால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ தொழிலாளர் இருந்தால் குறைதீர்க்கும் குழு ஒன்று கம்பெனியிலேயே இருக்க வேண்டும், அதற்கும் எழுத்தில் மனு கொடுங்கள், அவர்கள் 30 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அந்தக் குழு ஃபைலில் மட்டும்தான் இருக்கிறது. யார் யார் உறுப்பினர் என்று கேட்டால் எச்.ஆருக்கே தெரிவதில்லை, ஆய்வுக்கு வருபவர்களும் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் மனுவைக் கொடுங்கள், பின்னால் தொழிலாளர் உதவி ஆணையர் முன்னால் போய் நிற்கும்போது "எங்களிடம் சொல்லவே இல்லை" என்று கம்பெனி சொல்ல முடியாது.

எச்.ஆர். கூப்பிட்டு வாயால் "அடுத்த மாசம் ஆள் போடுறோம்" என்றால், அன்று மாலையே "இன்று நீங்கள் சொன்னபடி அடுத்த மாதம் ஒருவர் நியமிக்கப்படுவார் என்று புரிந்துகொண்டேன், நன்றி" என்று ஒரு வரி மெயில் போடுங்கள். அதுவரைக்கும் நோட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.