சரிவேறும் வண்டிக்கு எந்த மோட்டர்?

கேள்வி: நாலு சில்லு ரோபோ வண்டி ஒன்று செய்கிறோம். 25 கிலோ மீன் பெட்டியைக் கரையிலிருந்து கொங்கிறீட் சரிவால் ஐஸ் அறைக்கு ஏற்ற வேணும். சரிவு 6 மீற்றர் நீளம், 1 மீற்றர் உயரம். வெறும் வண்டி 15 கிலோ, சில்லின் விட்டம் 15 செ.மீ. பின்சில்லுகளுக்கு ஒவ்வொரு மோட்டர். கடையில் "12 வோல்ற்று, 100 சுற்று, 50 கிலோ-செ.மீ." கியர் மோட்டர் காட்டுகிறார்கள். இரண்டு வாங்கினால் போதுமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: போதாது. அந்த 50, அநேகமாக மோட்டர் சுற்ற முடியாமல் முழுதாக நின்றுபோகும் இடத்து முறுக்குவிசை. பெரிதாகத் தெரியும் என்பதால் விற்பவர்கள் அதைத்தான் முன்னுக்குப் போடுவார்கள்.

கணக்கைக் கிலோவிலும் சென்ரிமீற்றரிலுமே போடலாம். பெட்டியோடு மொத்தம் 40 கிலோ. 6 மீற்றருக்கு 1 மீற்றர் ஏறுவதால் எடையில் ஆறிலொரு பங்கு, அதாவது 6.7 கிலோ, வண்டியைக் கீழே இழுக்கும். சொரசொரப்பான கொங்கிறீட்டில் சில்லு உருள்வதற்கு எடையில் நூற்றுக்கு ஐந்து, 2 கிலோ, சேருங்கள். 8.7 கிலோ ஆயிற்று. இதைச் சில்லின் ஆரையான 7.5 செ.மீ. ஆல் பெருக்கினால் 65 கிலோ-செ.மீ.; மோட்டர் ஒன்றுக்கு 33. சரிவின் நடுவில் நின்று மறுபடி கிளம்ப இன்னும் கொஞ்சம் வேணும், 38 அளவில் வரும்.

கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால், மோட்டர் பூட்டுவதற்கு முன் வண்டியில் பெட்டியை வைத்து, மீன் நிறுக்கிற வில் தராசைக் கொளுவிச் சரிவு வழியே மெதுவாக இழுங்கள். முள் காட்டுகிற கிலோதான் மேலே சொன்ன 8.7க்கு உரிய உண்மைக் கணக்கு. கீழே மணல் திட்டு இருந்தால் அதிலும் இழுத்துப் பாருங்கள். காய்ந்த மணலில் ஒடுங்கிய சில்லு புதைந்து, எடையில் ஐந்திலொன்றுக்கு மேலேயே கேட்கும். சமதரையிலேயே 8 கிலோ. சரிவை விட மணல்தான் பல வண்டிகளை மடக்குகிறது.

இனி அந்த 50க்கு வருவோம். இவ்வகை மோட்டரில் சுமை கூடக் கூட வேகம் நேர்கோடாக இறங்கும்: சுமையில்லாமல் 100 சுற்று, 50இல் பூச்சியம். 33இல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 34 சுற்று. வண்டி ஏறும், அதுதான் ஏமாற்றும். நடக்கிற ஆளை விட வெகு மெதுவாக ஊரும். மின்னோட்டமோ நின்றுபோன நிலையில் இழுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் பெட்டி மேலே போய்விடும். அடுத்தடுத்த பெட்டிகளில் மோட்டர் உடம்பில் கை வைக்க முடியாது, சுருளின் வார்னிஷ் தீய்கிற மணம் வரும்.

ஓடும்போது கேட்கும் முறுக்குவிசை, நின்றுபோகும் முறுக்குவிசையில் காற்பங்குக்குள் இருக்க வேணும். ஆகவே உங்களுக்கு வேண்டிய மோட்டர்: நின்றுபோகும் முறுக்குவிசை 130 கிலோ-செ.மீ.க்கு மேல், சுமையில்லாமல் 90 சுற்று. காற்பங்குச் சுமையில் 67 சுற்று மிஞ்சும். செக்கனுக்கு அரை மீற்றர், பெட்டியோடு நடப்பவரின் வேகம். கியர் நட்டத்தையும் சேர்த்து இரண்டுக்குமாக 90 வாற்று அளவில் போகும். 12 வோல்ற்றில் 7, 8 அம்பியர்.

"அதே மோட்டரில் 150 கிலோ-செ.மீ. ஒன்றும் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் சுற்றைப் பாருங்கள். 30 என்று இருக்கும். கியர் கூடினால் விசை கூடி வேகம் குறையும், வலு கூடாது. போதாததற்குச் சிறிய கியர்பொக்ஸின் பற்களுக்கும் ஒரு எல்லை உண்டு; சில்லு கல்லில் இறுகும்போது கடைசிப் பற்சில்லின் பல்தான் முதலில் உடையும். ஆகவே கேட்க வேண்டியது மூன்று: தொடர்ந்து ஓடக்கூடிய முறுக்குவிசை, அப்போதைய அம்பியர், நின்றுபோகும்போது அம்பியர். இவற்றைச் சொல்ல முடியாத மோட்டரை விட்டுவிடுங்கள்.

சில்லை 10 செ.மீ. ஆக்கினால் தேவை மூன்றிலொரு பங்கு குறையும், 22 கிலோ-செ.மீ. கொங்கிறீட் மட்டும் என்றால் நல்ல யோசனை, மணலில் இன்னும் மோசமாகப் புதையும்.

மலிவாக முடிக்க வேணும் என்றால் பழைய வாகன உதிரிப்பாகக் கடையில் வைப்பர் மோட்டர் பாருங்கள். வலு உண்டு, உள்ளே புழுப் பற்சில்லு இருப்பதால் மின்சாரம் நின்றாலும் வண்டி பெரும்பாலும் பின்னுக்கு உருளாது. ஆனால் அதே பற்சில்லு வலுவைத் தின்னும், ஆகவே பற்றரி பெரிதாக வேணும். பலவற்றில் உடம்பே மறை முனையாக இருக்கும். பின்னுக்கும் ஓட்ட வேணும் என்றால் உலோகச் சட்டத்தில் படாமல் றப்பர் வைத்துப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் முனை மாற்றும்போது குறுஞ்சுற்றாகும்.

மோட்டரை ஓட்டும் மின்சுற்றுப் பலகையை நின்றுபோகும் அம்பியருக்கு ஏற்றதாக எடுங்கள். பள்ளிக்கூடச் செயற்றிட்டங்களில் போடும் எல்298 பலகை, வழி ஒன்றுக்கு 2 அம்பியர்தான் தாங்கும், இங்கே உதவாது. பெட்டியைப் பின் அச்சுக்கு மேலேயே வையுங்கள். ஈரக் கொங்கிறீட்டில் பாரம் முன்னால் இருந்தால் எந்த மோட்டர் போட்டாலும் பின்சில்லு நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றும்.