பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்: இடத்தை கூகுள் தேர்வு செய்கிறது, நம் கையில் மிச்சம் இருப்பது என்ன?

ஒரே கேம்பெயினில் சர்ச், யூடியூப், ஜிமெயில், டிஸ்ப்ளே என்று எல்லா இடத்திலும் கூகுள் விளம்பரம் காட்டும் வகைதான் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ். அதை ஓட்டுபவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

திருச்சி, அழகு நிலையம்: ஆடியன்ஸ் சிக்னலில் கல்யாணத்துக்குத் தயாராகும் பெண்களைக் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கு மட்டும்தானே விளம்பரம் போகும்?

இல்லைங்க. அது கூகுளுக்கு நாம் காட்டும் திசை, அவ்வளவுதான். அங்கே ஆரம்பிக்கும், வேறு எங்கே கன்வர்ஷன், அதாவது நாம் வெற்றி என்று குறித்த செயல், கிடைக்கும் என்று தோன்றினாலும் அங்கேயும் போகும். உண்மையான வேலி ஊர், மொழி, நேரம், பட்ஜெட் போன்றவைதான். ஊர் அமைப்பில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: `Presence or interest` என்று இருந்தால், திருச்சியைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரருக்கும் காட்டும். உள்ளூர் வேலைக்கு `Presence` என்று மாற்றிவிடுங்கள்.

கோவை, மாடுலர் கிச்சன்: மாதம் 30,000 ரூபாய்க்கு 200 லீட், அதாவது விசாரணை, வருகிறது, ஒன்று 150 ரூபாய். ஆனால் ஃபோன் செய்தால் பாதிப் பேர் "நான் விசாரிக்கவே இல்லையே" என்கிறார்கள். எந்த ஆப்பிலிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்த முடியுமா?

நிறுத்தலாம். `Content suitability` பக்கத்தில் மொத்தக் கணக்குக்கும் சேர்த்து ஆப், தளம், யூடியூப் சேனல்களை விலக்கலாம். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸின் பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டில் எத்தனை முறை காட்டியது என்பது மட்டும்தான் இருக்கும். எந்த இடம் எவ்வளவு பணம் தின்றது என்று தெரியாது. பத்து ஆப்பை விலக்கினால் பதினோராவது ஆப் வரும்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கன்வர்ஷன் பட்டியலைத் திறந்து எதெல்லாம் `Primary` என்று பாருங்கள்.

கோவை, மாடுலர் கிச்சன்: பார்த்தேன். படிவம் அனுப்புவது, அழைப்புப் பொத்தானைத் தொடுவது, தொடர்பு பக்கத்தைத் திறப்பது, மூன்றுமே Primary.

அதுதான். தொடர்பு பக்கத்தைத் திறந்தாலே வெற்றி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். விளையாட்டு ஆப்பில் விரல் தவறிப் பட்டாலும் வெற்றி, மனிதர் இல்லாமல் தானாக ஓடும் பாட் படிவம் நிரப்பினாலும் வெற்றி. அந்த மாதிரி கிளிக் மலிவு என்பதால் இன்னும் அதையே தேடிப் போகிறது. முதலில் பக்கம் திறப்பதையும் பொத்தானையும் `Secondary` ஆக்குங்கள். ரிப்போர்ட்டில் தெரியும், ஏலத்துக்குக் கணக்கில் எடுக்காது.

அப்புறம் படிவத்தில் மறைவான ஒரு கட்டம் வைத்து, கிளிக்கோடு வரும் `gclid` அடையாளக் குறியீட்டைச் சேமியுங்கள். உங்கள் ஆள் ஃபோன் செய்து, "இவர் உண்மையாகவே கேட்கிறார்" என்று உறுதியானவர்களின் `gclid`-ஐ மட்டும் கூகுளில் ஏற்றுங்கள். கிளிக் நடந்து 90 நாளைக்குள் ஏற்ற வேண்டும். இது சீராக ஓட ஆரம்பித்ததும் அதை Primary ஆக்கிவிட்டு, படிவத்தையும் Secondary-க்கு இறக்குங்கள். லீட் விலை 150-லிருந்து 500-க்கு ஏறினாலும் பயப்பட வேண்டாம். 200 பேரில் 4 பேர் ஷோரூம் வந்தால், ஒரு வருகைக்கு 7,500 ரூபாய். அதே பணத்துக்கு வரும் 60 பேரில் 9 பேர் வந்தால் சுமார் 3,300-தான்.

கோவை, மாடுலர் கிச்சன்: அப்படியானால் ஷோரூம் வருகையை மட்டுமே கொடுத்துவிடலாமா?

மாதம் நாலைந்து வருகையை வைத்து அது ஒன்றும் கற்றுக்கொள்ளாது. நடுவில் ஒரு படியைப் பிடியுங்கள்: ஃபோனை எடுத்தார், கோவையில் வீடு இருக்கிறது, வேலை மூன்று மாதத்துக்குள். இது போதிய எண்ணிக்கையில் வரும், போலியும் உள்ளே நுழையாது.

மதுரை, ஏஜென்சி: இவ்வளவு எதற்கு? நெகட்டிவ் கீவேர்டு போட்டேன், எனக்குக் குப்பை நின்றுவிட்டது.

உங்கள் குப்பை தேடலில் இருந்து வந்திருக்கும், அதனால் நின்றது. எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வரக்கூடாது என்று சொல்வதுதான் நெகட்டிவ் கீவேர்டு, அது சர்ச், ஷாப்பிங் இரண்டில்தான் வேலை செய்யும். யூடியூப், ஜிமெயில், டிஸ்ப்ளே பக்கம் அதற்கு அதிகாரம் இல்லை.

ஈரோடு: நான் இன்ஸ்டாகிராமில் போஸ்டை பூஸ்ட் செய்தேன், லைக் வருகிறது, ஆர்டர் இல்லை. இதற்கும் இதேதானா?

அது மெட்டா, அமைப்புகள் வேறு. ஆனால் பூஸ்டில் எதைக் குறிக்கோளாகக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

சென்னை, நகைக்கடை: ரிப்போர்ட் பிரமாதம். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானோர் எங்கள் பெயரையே தேடியவர்கள்.

எப்படியும் வரக்கூடியவர்களுக்குப் பணம் கட்டுகிறீர்கள். `Brand exclusions`-இல் உங்கள் பெயரைச் சேர்த்து, பெயர்த் தேடலுக்குத் தனியாகச் சிறிய சர்ச் கேம்பெயின் வையுங்கள். மேக்ஸின் எண்கள் விழும். அதைப் பார்த்து உடனே நிறுத்தாமல் மொத்த விற்பனையைப் பாருங்கள்.

கோவை, மாடுலர் கிச்சன்: கடைசியாக ஒன்று. என் பட்ஜெட்டுக்கு வெறும் சர்ச் போதுமோ?

நானாக இருந்தால், சரிபார்த்த லீட்களை ஏற்றும் வேலை முடியும்வரை சர்ச் மட்டும்தான் ஓட்டுவேன்.

மதுரை, ஏஜென்சி: இதில் நான் உடன்படவில்லை. கிச்சன் மாதிரி பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் பொருளுக்கு யூடியூபை விட்டால் பாதிச் சந்தை போய்விடும்.

இருக்கலாம். அப்படியானால் உங்கள் வீடியோவை நீங்களே எடுத்துப் போடுங்கள். வீடியோ இல்லாமல் விட்டால், உங்கள் படங்களை ஒட்டி கூகுளே ஒன்றைத் தயாரித்து ஓட்டும்.