நெட்ஃபிளிக்ஸில் குழந்தைக்குத் தனி புரொஃபைல்: பூட்டு எங்கே, கடிகாரம் எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டில் கூகுள் டிவியில் நெட்ஃபிளிக்ஸ் பார்க்கிறோம். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 11. மகளுக்குக் கிட்ஸ் புரொஃபைல் போட்டுக் கொடுத்தேன். ஆனால் அதிலிருந்து வெளியே வந்து என் புரொஃபைலைத் திறந்துவிடுகிறாள். ஒரு எபிசோடு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். தினமும் ஒரு மணி நேரம் என்று நெட்ஃபிளிக்ஸிலேயே கட்டுப்படுத்த முடியுமா?

பதில்: முடியாது. எதைப் பார்க்கலாம் என்பதை நெட்ஃபிளிக்ஸில் கட்டுப்படுத்தலாம். தினமும் எவ்வளவு நேரம் என்று சொல்ல அதில் இடமில்லை. அந்த வேலையை உங்கள் டிவியிடம்தான் கொடுக்க வேண்டும். முதலில் நெட்ஃபிளிக்ஸ் பக்கத்தை முடித்துவிட்டு டிவிக்கு வருவோம்.

கிட்ஸ் புரொஃபைல் அந்தப் புரொஃபைலுக்குள் காட்டுவதை மட்டும்தான் வடிகட்டும். பக்கத்தில் உள்ள மற்ற புரொஃபைல்களைப் பூட்டாது. அதனால் முதலில் பூட்ட வேண்டியது உங்களுடைய புரொஃபைலைத்தான். கம்ப்யூட்டரிலோ மொபைல் பிரவுசரிலோ netflix.com/account பக்கத்துக்குப் போய், புரொஃபைல்கள் பகுதியில் உங்கள் பெயரைத் திறந்து, "Profile Lock" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு இலக்க எண் ஒன்று கேட்கும். அதே இடத்தில், புதிய புரொஃபைல் சேர்க்கவும் இந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும் கட்டாயம் டிக் செய்யுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளை தானே ஒரு புதுப் புரொஃபைல் உண்டாக்கிக்கொண்டு, எந்தத் தடையும் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கும். வீட்டில் பெரியவர்களுடைய புரொஃபைல் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் பூட்டு வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் மற்றதைப் பூட்டியதில் பயனில்லை.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது பிறந்த வருடம், போன் திறக்கும் எண் இரண்டும் வேண்டாம். டிவியில் ரிமோட்டால் எண் போடும்போது 6 வயதுக் குழந்தை கையையே பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டு மூன்று தடவையில் கற்றுக்கொண்டுவிடும். அவ்வப்போது எண்ணை மாற்றுங்கள்.

இனி மகளின் புரொஃபைல். அதே பக்கத்தில் அவள் பெயரைத் திறந்து வயது வரம்புக்குப் போங்கள். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு ஐந்து வகை: U, U/A 7+, U/A 13+, U/A 16+, A. மகளுக்கு U போதும். ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தியேட்டர் படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் தருவதுபோல இந்த வகையை வெளியாள் யாரும் தருவதில்லை. நிகழ்ச்சியை வெளியிடும் நிறுவனமே விதிகளைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அது வயதை வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் மகள் எதைப் பார்த்தால் பயந்து ராத்திரி தூங்காமல் இருப்பாள் என்பது அதில் வராது.

அதற்காகத்தான் தனித்தனித் தலைப்புகளைத் தடுக்கும் வசதி இருக்கிறது. வயது வரம்புக்கு அருகிலேயே, நிகழ்ச்சியின் பெயரைத் தட்டச்சு செய்து சேர்க்கும் இடம் அது. சேர்த்துச் சேமித்தால் அந்தப் புரொஃபைலில் அது கண்ணில் படாது, தேடினாலும் வராது. எதைத் தடுப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. அவளுடைய புரொஃபைலின் "Viewing activity" பக்கத்தில் எந்தத் தேதியில் என்ன பார்த்தாள் என்ற பட்டியல் இருக்கும். வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மகனுக்குக் கிட்ஸ் புரொஃபைல் வேண்டாம் என்பது என் கருத்து. 11 வயதுப் பையனுக்கு அந்தப் பொம்மை முகப்பு சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாகத் தெரியும், உங்கள் புரொஃபைலுக்குள் நுழைய வழி தேட ஆரம்பிப்பான். சாதாரணப் புரொஃபைல் கொடுத்து வரம்பை U/A 7+ என்று வையுங்கள். அதற்கும் ஒரு பூட்டு எண் போட்டு அவனிடமே கொடுங்கள், தங்கை உள்ளே போகாமல் அவனே காப்பான். வரம்புக்கு மேலே உள்ள ஒரே ஒரு படத்தை மட்டும் அவனுக்குத் திறந்துவிட நெட்ஃபிளிக்ஸில் வழியில்லை. அந்தப் படத்தை உங்கள் புரொஃபைலில், நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது அந்தத் தானியங்கி எபிசோடு. ஒவ்வொரு புரொஃபைலிலும் "Playback settings" என்று இருக்கும். அதில் அடுத்த எபிசோடு தானாக ஓடுவதற்கும், மேய்ந்துகொண்டிருக்கும்போது முன்னோட்டம் ஓடுவதற்கும் இரண்டு டிக்குகள். இரண்டையும் எடுத்துவிடுங்கள். இது புரொஃபைலுக்குப் புரொஃபைல் தனி. உங்களுடையதில் எடுத்தால் மகளுடையதில் போகாது. மாற்றியபிறகும் டிவியில் பழையபடியே ஓடினால், வேறு புரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வாருங்கள், புதிய அமைப்பு ஏறிவிடும். நேரக் கட்டுப்பாட்டில் பாதி வேலையை இது ஒன்றே செய்துவிடும். எபிசோடு முடிந்து திரை நிற்கும் அந்த இடைவெளியில் "போதும்மா" என்று சொல்வது சுலபம். ஓடிக்கொண்டிருப்பதன் நடுவில் நிறுத்தினால்தான் அழுகை.

சரி, இப்போது கடிகாரம். கூகுள் டிவியின் முகப்பில் உங்கள் படத்தைத் தொட்டு, குழந்தையைச் சேர்க்கும் வழியில் மகளுக்கு ஒரு கிட்ஸ் புரொஃபைல் உண்டாக்குங்கள். இது நெட்ஃபிளிக்ஸில் போட்டதிலிருந்து வேறு, டிவியுடைய புரொஃபைல். இதில் எந்தெந்தச் செயலிகள் வர வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தினசரி நேர வரம்பும் தூங்கும் நேரமும் வைக்கலாம். நேரம் முடியப்போகிறது என்று திரையில் முன்னறிவிப்பு வரும், அப்புறம் நின்றுவிடும். என்றைக்காவது கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் அதற்கும் வழியிருக்கிறது. டிவியிலும் உங்கள் புரொஃபைலுக்குப் பூட்டு போடுங்கள். இல்லையென்றால் நேரம் முடிந்ததும் அங்கே தாவிவிடுவாள்.

ஒரு மணி நேரம் என்று முழு எண்ணாக வைப்பதைவிட எபிசோடைக் கணக்கிட்டு வைப்பது நல்லது. அவள் பார்க்கும் தொடர் எபிசோடுக்கு 22 நிமிடம் என்றால் இரண்டுக்கு 44. தேடிப் பிடிக்கும் நேரமும் சேர்த்து 50 நிமிடம் வைத்தால் இரண்டாவது எபிசோடு முழுசாக முடியும். 60 என்று வைத்தால் மூன்றாவது பாதியில் அறுபடும், சண்டை அங்கேதான் தொடங்கும். இன்னொன்று, இந்தக் கடிகாரம் அந்தப் புரொஃபைலில் டிவி ஓடும் மொத்த நேரத்தையும் எண்ணும். யூடியூப் பார்த்தாலும் அதே கணக்குதான்.

இந்தக் கடிகாரம் அந்த டிவிக்கு மட்டும். வீட்டில் மகளுக்கென்று ஆண்ட்ராய்டு டேப் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியில் நெட்ஃபிளிக்ஸுக்குத் தனி நேரம் வைக்கலாம். ஐபோன், ஐபேட் என்றால் அமைப்புகளில் உள்ள "Screen Time" அதே வேலையைச் செய்யும், ஆனால் அதற்கென்று தனிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தட்டில் நீட்டித்துக்கொள்வார்கள். உங்கள் மனைவியின் போனுக்கோ தாத்தாவின் போனுக்கோ இந்த நேர வரம்பு எதுவும் பொருந்தாது. டிவி நின்றதும் பிள்ளைகள் நேராக அங்கேதான் போவார்கள். அந்தப் போன்களில் நெட்ஃபிளிக்ஸ் அவசியமில்லை என்றால், கணக்குப் பக்கத்தில் சாதனங்களின் பட்டியலைத் திறந்து அவற்றை வெளியேற்றிவிடுங்கள். எந்தச் சாதனத்தில் எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்பதும் அங்கேயே தெரியும்.