கோடிட்ட இடமும் கழுவாத கையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சியை நிறையக் கொடுப்பேன். விடுபட்ட சொல்லை ஊகிக்கப் பழகினால் வாசிப்பு தானாக வரும் என்று ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். என் பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்குகிறார்கள். ஆனால் புதிய பத்தி ஒன்றைக் கொடுத்தால் ‘தூங்காமல்’ என்று இருப்பதைத் ‘தூங்கி’ என்று வாசிக்கிறார்கள். வாசித்து முடித்தபின் கேட்டால் கதையையே மாற்றிச் சொல்கிறார்கள். பயிற்சியை விட்டுவிடலாமா, அல்லது நான் செய்கிற விதத்தில்தான் தவறா?

மு., தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள மு.,

விட வேண்டாம். ஆனால் அந்தப் பயிற்சி எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதைக் கற்றுக்கொடுக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் மாலை வகுப்பு எடுத்த வருடங்களில் பயன்படுத்திய ஒரு பத்தியை வைத்தே சொல்கிறேன்.

‘மழை விட்டதும் கமலா மாடி____ ஓடினாள். காலையில் காயப்போட்ட ______ எல்லாம் நனைந்து கிடந்தது. அவசரமாக அள்ளிக் கூடை____ போட்டாள். கீழே வந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டவள், “அம்மா!” என்று அலறினாள்.’

இதில் மூன்று கோடுகள். முதலாவதும் மூன்றாவதும் உருபுக்கான இடம். ஓடினாள் என்றால் மாடிக்கு, போட்டாள் என்றால் கூடையில். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை யோசிக்காமலே நிரப்பிவிடும். அதற்குக் கதை புரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்துச் சொல் போதும். வெளிநாட்டில் வளர்ந்து தமிழைப் புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு இது மிக நல்ல பயிற்சி. உங்கள் பிள்ளைகளுக்கு இதில் புதிதாகக் கிடைப்பது குறைவு.

நடுக்கோடுதான் விஷயம். என் வகுப்பில் இதைப் போட்டதும் முக்கால்வாசிப் பேர் ‘துணி’ என்று கத்தினார்கள். மாடி, காயப்போடுவது, மழை என்றால் துணிதானே. ஒருவன் நெல் என்றான், ஒருத்தி வத்தல் என்றாள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். எது சரி என்று சொல்லாமல், கடைசி வாக்கியத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். துணியைத் தொட்ட கையால் கண்ணைத் தொட்டால் யாராவது அலறுவார்களா? கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் பின் வரிசையிலிருந்து ‘மிளகாய்’ என்று ஒரு குரல் வந்தது.

அந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: எந்தச் சொல் உன்னைத் துணியிலிருந்து மிளகாய்க்குக் கொண்டுபோனது? ஒவ்வொரு பதிலையும் அடிக்கும்போது, அதை அடிக்கவைத்த சொல் எது என்று பிள்ளை பத்தியில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். விடையைவிட இந்த விரல் முக்கியம். கோட்டுக்கான விடை இரண்டு வாக்கியம் தள்ளி இருக்கலாம், அதனால் முழுப் பத்தியையும் ஒரு முறை வாசித்த பிறகே நிரப்ப வேண்டும் என்பது இதில்தான் பழக்கமாகிறது.

இனி உங்கள் ‘தூங்காமல்’. இதே பத்தியை என் வகுப்பில் இரண்டு பேர் ‘கையைக் கழுவிக் கண்ணைத் தொட்டவள்’ என்று வாசித்தார்கள். அவர்களுக்கு மிளகாய் வரவே இல்லை, கடைசிவரை துணிதான். கமலா ஏன் அலறினாள் என்று கேட்டால், வழுக்கி விழுந்திருப்பாள் என்றார்கள். ‘கழு’ வரைதான் கண் போயிருக்கிறது. கை, கழுவு என்றதும் மிச்சத்தை மனம் தன் பழக்கத்திலிருந்து போட்டுக்கொண்டது. கையைக் கழுவுவதுதானே வழக்கம்.

தமிழில் இது பெரிய ஆபத்து, ஏனென்றால் நம் மொழியில் பொருளைத் திருப்புகிற பகுதி பெரும்பாலும் சொல்லின் வாலில் இருக்கிறது. கழுவி, கழுவாமல், கழுவியும், கழுவினால். தலை ஒன்று, கதை நான்கு. எதிர்மறை, நிபந்தனை, யார், எப்போது, எல்லாம் கடைசி இரண்டு மூன்று எழுத்தில். ஊகித்து வாசிக்கிற பிள்ளை பார்வையை எடுத்துவிடுகிற இடமும் அதுவேதான். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து, சொல்லை ஊகித்து, அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும்.

உங்கள் பயிற்சி முகாமில் சொன்ன கருத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1967ல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று எழுதினார். நல்ல வாசகர் எழுத்துகளைக் குறைவாகப் பார்த்து, சூழலிலிருந்து அதிகமாக ஊகிக்கிறார் என்பது அதன் சாரம். கேட்க அழகான கருத்து, உலகம் முழுக்கப் பரவியது. 1970களின் இறுதியில் கீத் ஸ்டானோவிச், ரிச்சர்ட் வெஸ்ட் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தொடக்கத்தில் அந்தக் கருத்தில் நம்பிக்கை இருந்தது. கிடைத்த முடிவு நேர்மாறாக இருந்தது. ஒரு சொல்லை அடையாளம் காணச் சூழலை அதிகம் சார்ந்திருப்பவர்கள் வாசிப்பில் பின்தங்கியவர்கள்தான். நன்றாக வாசிப்பவருக்கு எழுத்தைப் பார்த்ததும் சொல் தெரிந்துவிடுகிறது, ஊகத்துக்கு அங்கே வேலை இல்லை. மிச்சமான கவனத்தை அவர் பொருளில் செலவிடுகிறார்.

ஊகம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிலிப் காஃப் என்ற ஆய்வாளர் 1980களில் ஆங்கிலத்தில் பார்த்தது இது: இலக்கண வேலை மட்டும் செய்கிற சின்னச் சொற்களைப் பத்துக்கு நான்கு முறை சரியாக ஊகிக்க முடிகிறது. பொருளைச் சுமக்கும் சொற்களை ஏறத்தாழ பத்துக்கு ஒரு முறைதான். தமிழில் எண்ணிக்கை வேறாக இருக்கும், ஆங்கிலத்தின் சின்னச் சொற்கள் பல நமக்கு உருபுகள் ஆகிவிடுகின்றன. ஆனால் காரணம் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். முன்கூட்டியே தெரிந்த சொல்லைச் சொல்ல யாரும் ஒரு பத்தி எழுதுவதில்லை. எழுதுகிறவர் எதைப் புதிதாகச் சொல்ல வந்தாரோ அந்தச் சொல்தான் ஊகத்துக்குச் சிக்காது. கமலா கையைக் கழுவாமல் இருந்தாள் என்பதுதான் இந்தப் பத்தியின் செய்தி, அதைத்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் தவறவிட்டார்கள்.

சரி, அப்படியானால் பத்துக்குப் பத்து எப்படி வருகிறது? மூன்று காரணம் இருக்கலாம். பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கோடிட்ட இடங்கள் பெரும்பாலும் ஊகமே இல்லை, பாடத்தில் படித்த வாக்கியத்தை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது. அடைப்புக்குறிக்குள் சொற்களைக் கொடுத்து நிரப்பச் சொன்னால், ஐந்து கோட்டுக்கு ஐந்து சொல் என்று கொடுக்கிறோம். நாலைப் போட்டுவிட்டால் ஐந்தாவது தானாக விழுந்துவிடும். எட்டுச் சொல்லாகக் கொடுத்துப் பாருங்கள், மதிப்பெண் இறங்கும்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. 1982ல் டிமதி ஷனஹனும் இன்னும் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். கோடு போட்ட பத்தியின் வாக்கியங்களை முன்னும் பின்னுமாகக் கலைத்துக் கொடுத்தார்கள். கதை சிதைந்துவிட்டது, ஆனால் நிரப்பியவர்களின் மதிப்பெண் குறிப்பிடும்படி குறையவில்லை. அதாவது பெரும்பாலான கோடுகளை அந்தந்த வாக்கியத்தை மட்டும் வைத்தே நிரப்பிவிடலாம். பத்தி புரிந்ததா என்று அது காட்டுவதில்லை. இதை நீங்களும் ஒரு நாள் செய்து பார்க்கலாம். வரிசையைக் கலைத்தாலும் அதே மதிப்பெண் வந்தால், கோடு போட்ட இடங்களை மாற்ற வேண்டும்.

எந்த இடத்தில் கோடு போடுவது என்பது அப்படித்தான் முக்கியமாகிறது. 1953ல் வில்சன் டெய்லர் இந்த முறையைக் கொண்டுவந்தபோது ஐந்தாவது சொல், பத்தாவது சொல் என்று எண்ணி நீக்கினார்கள். அவருடைய நோக்கமே வேறு, ஒரு உரை எவ்வளவு கடினம் என்று அளப்பது. தமிழில் ஐந்துக்கு ஒன்று எடுத்தால் பத்தி குதறப்பட்டுவிடும், நம் ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் இரண்டு மூன்று சொல் இருக்கிறது. எண்ணாதீர்கள், தேர்ந்தெடுங்கள். பத்திக்கு மூன்று நான்கு கோடு போதும். அதில் ஒன்றாவது, விடை வேறு வாக்கியத்தில் இருக்கிற கோடாக இருக்கட்டும். ‘அந்தக் ______’ என்று ‘க்’ என்ற ஒற்றெழுத்தை விட்டுவைத்தால் அடுத்த சொல் ‘க’வில் தொடங்குகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். சோதனைத் தாளில் அது பிழை. வகுப்பிலோ நான் வேண்டுமென்றே விடுவேன். அதைக் கவனிக்கிற பிள்ளை எழுத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

ஊகித்த பிறகு நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் சொன்ன சொற்கள் பலகையில் இருக்கும்போது, கோட்டில் முதல் எழுத்தை மட்டும் எழுதுங்கள்: ‘மி’. துணியும் நெல்லும் வத்தலும் விழுந்துவிடும். பிறகு முழுச் சொல்லையும் எழுதி, எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். ஊகம் சரியா என்று தீர்ப்பது தாளில் உள்ள எழுத்துதான் என்பது தினமும் கண்முன் நடக்க வேண்டும். சில நாள் யாரும் எதிர்பார்க்காத சொல்லாக வருகிற பத்தியைக் கொண்டுபோங்கள், அன்றைக்குத்தான் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

‘தூங்காமல்’ பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வேலை. கோட்டைச் சொல்லின் வாலுக்கு மாற்றுங்கள். ‘கையைக் கழுவி____’, ‘கையைக் கழுவா____’ என்று இரண்டு வாக்கியம் எழுதி, அடுத்து கமலாவுக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள். அப்புறம் தூங்கி, தூங்காமல், தூங்கியும், தூங்கினால் என்று நான்கு அட்டை எழுதிக் கலைத்து, சூழல் எதுவும் இல்லாமல் ஒவ்வொன்றாகக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பத்தியில் சரியாக வாசித்த சொல்லை அட்டையில் வாசிக்க முடியாமல் ஒரு பிள்ளை தடுமாறினால், அது இதுவரை ஊகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்குக் கோடிட்ட இடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, உயிர்மெய் எழுத்துகளுக்குத் திரும்பிப் போங்கள். அட்டையைச் சரளமாக வாசித்துவிட்டு பத்தியில் மட்டும் தவறினால் கவலைப்பட ஒன்றுமில்லை, அவசரம்தான். சொல்லின் கடைசி எழுத்துக்கு அடியில் விரல் வந்த பிறகே அடுத்த சொல்லுக்கு நகர வேண்டும் என்று கொஞ்ச நாள் பழக்குங்கள்.