நோட்டீஸா, இன்ஸ்டாகிராமா: போட்ட காசு எதில் திரும்புகிறது?

கேள்வி: திருச்சியில் ஜன்னல், கதவுகளுக்குக் கொசுவலை அடித்துக் கொடுக்கிறோம். ஜிஎஸ்டி பதிவு இல்லை. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் விளம்பரத்துக்கு மாதம் 15,000 ரூபாய், அதைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்கு 5,000. "போன மாதம் 110 பேர் விசாரித்திருக்கிறார்கள், ஒருவருக்கு 136 ரூபாய்தான் ஆகிறது, இன்னும் கூட்டிப் போடுங்கள்" என்கிறார்கள். பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கும் நோட்டீஸுக்கு 8,500 செலவாகி 22 போன்தான் வந்தது. நோட்டீஸை நிறுத்திவிடலாமா? இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். சாஃப்ட்வேரும் வேண்டாம், ஒரு கூகுள் ஷீட் போதும்.

முதலில் அந்த 136 ரூபாயைப் பார்ப்போம். 15,000-ஐ 110-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஆனால் விளம்பரத் தொகையின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு உள்ளவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அது செலவுதான். அந்த 2,700-ஐயும் ஏஜென்சிக் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 22,700. ஒரு விசாரணைக்கு 206 ரூபாய் ஆகிறது. நோட்டீஸில் ஒரு போனுக்கு 386. இதுவரைக்கும் இன்ஸ்டாகிராம்தான் மலிவு.

ஆனால் விசாரித்தவர்கள் எல்லாரும் வலை அடித்துக்கொள்வதில்லையே. உங்கள் பில் புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியாது, அதனால் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அந்த 110 பேரில் 6 பேர் ஆர்டர் கொடுத்தார்கள், மொத்தம் 48,000 ரூபாய்க்கு. நோட்டீஸ் பார்த்து அழைத்த 22 பேரில் 7 பேர், 63,000-க்கு. வலை, அலுமினியம், கூலி, வண்டிச் செலவு போக நூற்றுக்கு 40 ரூபாய் கையில் நிற்கிறது என்றால், இன்ஸ்டாகிராமில் வந்தது 19,200. போட்டதோ 22,700. நோட்டீஸில் வந்தது 25,200, போட்டது 8,500. ஓர் ஆர்டரைப் பிடிக்க அங்கே 3,783 ரூபாய், இங்கே 1,214. நீங்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான். இது ஏஜென்சியின் அறிக்கையில் வராது, ஏனென்றால் யார் ஆர்டர் கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, ஷீட்டுக்கு வருவோம். மூன்று தாள்கள் போடுங்கள். 'செலவு' தாளில் தேதி, வழி, தொகை. 'விசாரணை' தாளில் ஒருவருக்கு ஒரு வரி: A-யில் முதலில் அழைத்த தேதி, B-யில் போன் எண், C-யில் எந்த வழியாக வந்தார், D-யில் அளவெடுத்த தேதி, E-யில் பில் தொகை, F-இல் பொருள், கூலி, வண்டிச் செலவு போக நின்ற தொகை, G-யில் ஆர்டர் ஆகாவிட்டால் ஏன். மூன்றாவது 'சுருக்கம்'. அதில் B1-இல் மாதத்தின் முதல் தேதி, A3-இலிருந்து கீழே வழிகளின் பெயர்கள். பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=SUMIFS('விசாரணை'!F:F,'விசாரணை'!C:C,A3,
 'விசாரணை'!A:A,">="&$B$1,
 'விசாரணை'!A:A,"<"&EDATE($B$1,1))
```

அந்த மாதம் அந்த வழியில் வந்தவர்களால் நின்ற லாபம் இது. இதையே 'செலவு' தாளுக்கு மாற்றிப் போட்டால் செலவு வந்துவிடும்.

இதில் தேதி எடுப்பது முதல் அழைப்பு வந்த நாளிலிருந்து, பில் போட்ட நாளிலிருந்து அல்ல. ஜனவரி கடைசியில் நோட்டீஸ் பார்த்து அழைத்தவர் பிப்ரவரியில் ஆர்டர் கொடுத்தாலும், அந்த லாபம் ஜனவரி செலவோடுதான் நேராக வேண்டும். பில் தேதியை வைத்தால், நோட்டீஸே போடாத பிப்ரவரியில் நோட்டீஸ் சம்பாதித்ததாகக் காட்டும். அதனால் ஒரு மாதக் கணக்கை அந்த மாதம் முடிந்ததுமே பார்க்காதீர்கள், விசாரித்தவர்கள் முடிவெடுக்க ஓரிரு வாரம் விடுங்கள்.

'வழி' கட்டத்தில் கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஒருவர் 'பேஸ்புக்' என்பார், இன்னொருவர் 'இன்ஸ்டா' என்பார், கூட்டல் இரண்டாகப் பிரிந்துவிடும். Insert பட்டியலில் Dropdown இருக்கிறது, அதில் ஐந்தாறு பெயர்களைக் கொடுத்துவிட்டால் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் வேலை. போன் எண் பத்து இலக்கமாக மட்டும் இருக்கட்டும். H2-இல் `=COUNTIF(B:B,B2)>1` போட்டுக் கீழே இழுத்தால் அதே ஆள் இரண்டு முறை ஏறியிருப்பது தெரியும். அப்போது முதல் வரியை வைத்துக்கொண்டு அடுத்ததை நீக்குங்கள்.

பெரும்பாலும் கணக்கு கெடுவது வழியைக் கேட்கும் இடத்தில்தான். "எங்கே பார்த்தீங்க?" என்றால் பலரும் "கூகுள்ல" என்பார்கள். நோட்டீஸில் உங்கள் கடைப் பெயரைப் பார்த்துவிட்டு, அதையே கூகுளில் தேடி அழைத்திருப்பார்கள். "என்னன்னு போட்டுத் தேடினீங்க?" என்று ஒரு வார்த்தை கூடக் கேளுங்கள். கடைப் பெயரைச் சொன்னால் அதற்கு முன் எங்கே பார்த்தார் என்று விசாரிக்க வேண்டும். இதைவிட உறுதியான வழி, நோட்டீஸில் மட்டும் அச்சடிக்கத் தனி எண் ஒன்று வைத்துக்கொள்வது. அந்த எண்ணுக்கு வந்தால் அது நோட்டீஸ், கேட்கவே வேண்டாம். ஏற்கெனவே வலை அடித்தவர் சொல்லி வந்தவர்களையும் தனி வழியாகக் குறியுங்கள், அவர்களை எந்த விளம்பரத்தின் தலையிலும் ஏற்றக்கூடாது.

இன்ஸ்டாகிராம் நட்டம் காட்டினாலும் உடனே நிறுத்திவிட வேண்டாம். G பத்தியைப் படித்துப் பாருங்கள். அந்த உதாரணத்தின் 110 பேரில் 45 பேர் வெளியூர் என்றால், விளம்பரம் காட்டப்படும் இடத்தைத் திருச்சியைச் சுற்றிச் சுருக்க வேண்டும். 'ஃபார்ம் போட்டதே ஞாபகமில்லை' என்று நிறையப் பேர் சொன்னால், குறை விளம்பரத்தை அழுத்தினால் திறக்கும் ஃபார்மில். அதில் பெயரும் எண்ணும் தானாக நிரம்பிவிடுவதால் பலர் யோசிக்காமல் அழுத்திவிடுகிறார்கள். ஃபார்ம் வகையை 'Higher intent' என்று மாற்றி, 'எத்தனை ஜன்னல்?' என்ற கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விசாரணை குறையும், ஏஜென்சிக்கு அது பிடிக்காமல் போகலாம், ஆனால் வருகிறவர் வலை தேவைப்படுகிறவராக இருப்பார். 'கூப்பிட்டோம், எடுக்கவில்லை' என்பதே நிறைய இருந்தால், விசாரணை வந்து எத்தனை மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். அது விளம்பரத்தின் குற்றமல்ல.

ஒரு மாதக் கணக்கில் 6, 7 என்பதெல்லாம் சின்ன எண்கள். அடுக்குமாடி வீடு முழுக்க ஒரே ஆர்டராக 80,000 வந்தால் எல்லாம் புரண்டுவிடும். அதை ஒருமுறை விட்டுவிட்டும் கூட்டிப் பாருங்கள். மூன்று மாதமாவது சேர்ந்த பிறகு முடிவெடுங்கள். ஒரே மாதத்துக்குள் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் முக்கியம். மழைக்காலத்தில் கொசு பெருகினால் எந்த விளம்பரமும் நன்றாக ஓடுவது போலத்தான் தெரியும், அதை ஏப்ரலோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

இப்போதைக்கு ஏஜென்சி கேட்கும் கூடுதல் தொகையைக் கொடுக்க வேண்டாம். பழைய 15,000-லேயே இடத்தையும் ஃபார்மையும் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் பட்டியலை எண்களோடு வாங்கி, உங்கள் பில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, போன மாதத்தையே முதலில் ஷீட்டில் ஏற்றுங்கள்.