நடுகல் படத்தைச் சுருக்கும்போது எழுத்து எங்கே போகிறது?

*தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடுகல் படம் எடுக்கிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.*

அரூரிலிருந்து ஓர் ஆசிரியை: சார், எங்கள் ஊர் வேடியப்பன் கல்லைப் போனில் எடுத்தேன். 8.4 எம்.பி. இருக்கிறது. படம் ஏற்றும் தளம் 2 எம்.பி.க்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது. வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிச் சுருக்கி ஏற்றினேன். ஏறிவிட்டது, ஆனால் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்கிறார்கள். படம் பளிச்சென்றுதானே இருக்கிறது?

டீச்சர், நீங்கள் அனுப்பிய மூலப்படத்தையும் சுருங்கிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வீரன் உருவம், வாள், கேடயம் எல்லாம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. அதனால்தான் பளிச்சென்று தெரிகிறது. மேலே உள்ள நான்கு வரி எழுத்துதான் போய்விட்டது.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உங்கள் படம் 3000 பிக்சல் அகலம், 4000 உயரம். கல் அதில் பாதி அகலத்தில் நிற்கிறது, அதாவது 1500 பிக்சல். பக்கத்தில் நீங்கள் வைத்த அளவுகோலின்படி கல்லின் அகலம் 75 செ.மீ. ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 2 பிக்சல். எழுத்தின் வெட்டு சுமார் 4 மி.மீ. அகலம் என்றால் அதற்கு 8 பிக்சல் கிடைக்கிறது. அது தாராளம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீளமான பக்கத்தை 1600 பிக்சல் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. அப்போது அந்த 8 பிக்சல் 3 ஆகிறது. மழையில் தேய்ந்து ஓரம் மழுங்கிய வெட்டுக்கு 3 பிக்சல் போதாது. வட்டெழுத்தில் ப, வ இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். அந்த நூலளவு வித்தியாசம் இதில் முழுகிப்போகும்.

இது பாதிதான். மீதி, ஜேபெக் செய்யும் வேலை. அது படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய வெளிச்ச மாற்றத்தை வைத்துக்கொண்டு, மங்கலான நுண்ணிய மாற்றத்தை முதலில் தள்ளிவிடுகிறது. தேய்ந்த எழுத்து என்பதே மங்கலான நுண்ணிய மாற்றம்தானே. ஆழமாகப் புடைத்த உருவம் தப்பிக்கும், எழுத்து தப்பாது.

உங்கள் படத்தை எட்டு எம்.பி.க்கு ஏற்றியது கல் அல்ல, புல். கல்லைச் சுற்றியிருக்கும் புல்லும் வேப்பிலையும்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இலை, புல் போன்ற நுணுக்கமான சிக்கலுக்கு ஜேபெக் நிறைய இடம் செலவழிக்கும். அதனால் முதலில் சுருக்க வேண்டாம், வெட்டுங்கள். நான் கல்லையும் அளவுகோலையும் மட்டும் விட்டு, சுற்றிலும் கொஞ்சம் ஓரம் வைத்து, 1700-க்கு 2400 ஆக வெட்டினேன். அதை GIMP மென்பொருளில் Quality 88 வைத்துச் சேமித்தால் 1.8 எம்.பி. வந்தது. எழுத்தின் ஒரு பிக்சலைக்கூடக் குறைக்கவில்லை, 8 அப்படியே 8-ஆக இருக்கிறது. சுற்றுப்புறம் தெரிய வேண்டுமென்றால் அதைச் சிறிய இரண்டாவது படமாக ஏற்றுங்கள்.

பென்னாகரம், ஸ்டுடியோ வைத்திருப்பவர்: இவ்வளவு எதற்கு? டிபிஐ-யை 300-லிருந்து 72 ஆக்கினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன், சைஸ் குறைகிறது.

குறைவது உண்மைதான் அண்ணா, ஆனால் குறைத்தது டிபிஐ அல்ல. அது அச்சடிக்கும்போது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். அதை மட்டும் மாற்றினால் கோப்பு அசையாது. உங்கள் போட்டோஷாப்பில் Resample டிக் ஆகியிருக்கும். அப்போது 72 என்று போட்டதும் 4000 பிக்சல் 960 ஆகிவிடும். கல்யாணப் படத்தைத் திரையில் காட்ட அது போதும். டீச்சரின் எழுத்துக்கு 8 பிக்சல் 2 ஆகிவிடும். டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை செய்து பாருங்கள், பிக்சல் எண்ணிக்கை மாறாது.

காவேரிப்பட்டினம், கல்லூரி மாணவர்: அண்ணா, என்னிடம் இப்படி அறுபது படம் இருக்கிறது. ஒவ்வொன்றாக முடியாது. கமாண்ட் இருக்கிறதா?

வெட்டுவதை மட்டும் கையால் செய்துகொள் தம்பி, ஒவ்வொரு கல்லும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். அப்புறம் ImageMagick மென்பொருளில் இந்தக் கமாண்ட்:

```
magick kal.jpg -resize "2400x2400>" -define jpeg:extent=1900KB kal-siru.jpg
```

அளவின் கடைசியில் உள்ள `>` குறி, 2400-ஐவிடப் பெரிய படத்தை மட்டும் குறைக்கும். `extent` என்பது 1900 கே.பி.க்குள் அடங்கும் வரை தரத்தை அதுவாகவே இறக்கும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. 200 கே.பி. என்று கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் செய்துவிடும், கல் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். முடிந்ததும் 100 சதவீதத்தில் திறந்து, இருப்பதிலேயே மங்கலான எழுத்தை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். தெளிவான எழுத்தைப் பார்த்துத் திருப்திப்படாதே.

பாலக்கோடு: தேர்வு விண்ணப்பத்துக்கு என் போட்டோ 50 கே.பி.க்குள் கேட்கிறார்கள். இதே முறைதானா?

இல்லை, உங்களுக்கு அது நேர்மாறு. முகம் அடையாளம் தெரிந்தால் போதும் என்பதால் தாராளமாக பிக்சலைக் குறைக்கலாம். கேட்ட அகலம் உயரத்துக்கு முதலில் குறைத்துவிடுங்கள், தரத்தைத் தொடாமலேயே பெரும்பாலும் 50-க்குள் வந்துவிடும்.

ஊத்தங்கரை: சுருங்கிய படத்தை மறுபடி 4000-க்குப் பெரிதாக்கிக் கூர்மை கூட்டினால் எழுத்து திரும்ப வராதா? எங்களிடம் மூலப்படம் இல்லை.

வராது. பெரிதாக்கும்போது நடுவில் உள்ள பிக்சலை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. கூர்மை கூட்டினால் இருக்கும் ஓரம் தடிக்கும். கூடவே ஜேபெக் கட்டத்தின் ஓரமும் தடிக்கும். அந்தக் கோட்டை எழுத்தின் கால் என்று படித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது.

எனக்கே இது நேர்ந்தது. ஒரு கல்லின் மூலப்படத்தை போனில் இடமில்லை என்று அழித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் போன பிரதியை வைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் போனபோது கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். கடைசி வரி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கல் இன்னும் நிற்கிறதென்றால் காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் மறுபடி போய் எடுங்கள். வெட்டின் நிழல் கருமையாக விழுந்தால் சுருக்கினாலும் ஓரளவு தாங்கும். அனுப்பும்போது Document ஆக அனுப்புங்கள், அது படத்தைத் தொடாது.

தேன்கனிக்கோட்டை, கல்வெட்டு படிப்பவர்: நிறத்தை விட்டுவிட்டீர்களே. ஜேபெக் பெரும்பாலும் நிறத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் வைக்கிறது. குங்குமம் அப்பிய கல்லில் சிவப்பு ஓரம் கசிந்து வெட்டை மூடுகிறது. கருப்பு வெள்ளையாக மாற்றி ஏற்றுவதே நல்லது என்பேன்.

நிறம் பற்றி நீங்கள் சொல்வது சரி ஐயா, நான் விட்டுவிட்டேன். மேலே உள்ள கமாண்டில் `-sampling-factor 4:4:4` சேர்த்தால் நிறம் முழு அளவில் நிற்கும், கோப்பு கொஞ்சம் பெருக்கும். கருப்பு வெள்ளையில்தான் எனக்குத் தயக்கம். வெட்டின் வடிவம் வெளிச்சத்தில்தான் இருக்கிறது, அது போகாது. ஆனால் குங்குமமும் வெட்டின் நிழலும் ஒரே சாம்பலாகிவிட்டால் எது கறை, எது எழுத்து என்று பின்னால் வருகிறவர் எப்படிப் பிரிப்பார்? போன மாதம் ஒரு கல்லில் இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வரி கருப்பு வெள்ளையில் நன்றாக இருந்தது, ஐந்தாவது வரி நிறத்தில்தான் புரிந்தது. உங்களிடம் காகிதத்தை ஒற்றி மைப்படி எடுத்த கல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அதன் படத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.